இசைக்கவை எதற்குச் சாட்சி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோந்துக்குப் புறப்படும் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், வண்டியை நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காரில் பொருத்திய ரேடாரை இயக்குகிறார். சின்ன உறையிலிருந்து இரண்டு இசைக்கவைகளை எடுக்கிறார். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தோமே, அந்த வகைதான். ஒன்றின் தண்டில் 35 என்றும் மற்றதில் 65 என்றும் பொறித்திருக்கிறது. கூடவே ஒரு வரிசை எண்ணும், எந்த அலைவரிசை ரேடாருக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கும். 65 என்ற கவையை ஒரு மரக்கட்டையில் தட்டி, ரேடார் ஆன்டெனாவின் முன்னால் ஓரிரு அங்குல தூரத்தில் பிடிக்கிறார். திரையில் 65 என்று எண் வருகிறது. அடுத்த கவையைப் பிடித்தால் 35. பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுகிறார். பணி முடிந்து திரும்பும்போது இதையே இன்னொரு முறை செய்வதும் பல இடங்களில் வழக்கம்.

ஒரு வேக வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் இந்தச் சில நிமிடச் சடங்கைத்தான் முதலில் துருவுவார்கள். மினசோட்டா போக்குவரத்துச் சட்டம் ரேடார் பதிவைச் சாட்சியமாக ஏற்க நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. இயக்கியவருக்குப் போதிய பயிற்சி இருக்க வேண்டும். கருவியை எப்படி அமைத்து இயக்கினார் என்று அவர் சாட்சி சொல்ல வேண்டும். வெளிக் குறுக்கீடுகள் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். நான்காவதாக, கருவியை அமைத்த நேரத்தில், நம்பத்தக்க ஒரு வெளிச் சோதனையால் அது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனையில் ‘வெளி’ என்று அழுத்திச் சொல்ல ஒரு வழக்கு காரணமாக இருந்தது. 1971இல் ஜெர்டிஸ் என்ற வழக்கில், கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்வது மட்டும் போதாது என்று மினசோட்டா உச்ச நீதிமன்றம் கூறியது. ஸ்பீட் கன்னில் உள்சோதனைக்கென ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கருவிக்குள் இருக்கும் படிகம் ஒரு மின்துடிப்பை உண்டாக்கும். திரையில் எதிர்பார்த்த எண் வரும். கணக்குப் போடும் பகுதியும் திரையும் வேலை செய்கின்றன என்பதற்கு அது சான்று. ஆனால் ஆன்டெனா அலையை அனுப்புகிறதா, திரும்பி வருவதை வாங்குகிறதா என்பது அதில் தெரியாது. கடைக்காரரே தன் தராசைச் சரி என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வதில்லை. முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துக் காட்டச் சொல்கிறோம். அந்தப் படிக்கல்லின் இடத்தில்தான் இசைக்கவை நிற்கிறது.

சத்தத்தை அல்ல, அசைவை

இசைக்கவையின் ஒலியை ரேடார் கேட்பதில்லை. ரேடாருக்குக் காதே கிடையாது. அது அறிவதெல்லாம் நுண்ணலை ஒன்றுதான்.

ஸ்பீட் கன் ஒரு நுண்ணலையை இடைவிடாமல் அனுப்புகிறது. பரவலாகப் புழங்கும் ‘கே’ அலைவரிசையில் அது நொடிக்கு 2,415 கோடி முறை அலைவுறும். பொறியாளர்கள் இதை 24.15 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். விலகிச் செல்லும் காரிலிருந்து திரும்பினால் சற்றுக் குறைந்திருக்கும். 1842இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இது. கருவி, அனுப்பும் அலையில் கொஞ்சத்தையும் திரும்பி வந்த அலையையும் ஒன்றாகக் கலக்கிறது. கலக்கும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும் ஒரு தாழ்ந்த அதிர்வாக வெளியே வருகிறது. ‘கே’ அலைவரிசையில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு அந்த வித்தியாசம் நொடிக்கு ஏறத்தாழ 72 துடிப்புகள். ஆகவே 65 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 105 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 4,680 துடிப்புகளைத் தரும். ஸ்பீட் கன்னின் வேலை துடிப்புகளை எண்ணி 72ஆல் வகுத்து எண்ணைக் காட்டுவது. அது மனிதர் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கும் அதிர்வு என்பதால், பல கருவிகள் அதை ஒலிபெருக்கி வழியாகவும் கேட்கவிடும். அனுபவப்பட்ட போலீஸ்காரர் அந்தச் சத்தத்தின் உயரத்திலிருந்தே வேகத்தை உத்தேசமாகச் சொல்லிவிடுவார்.

இசைக்கவையின் புயங்கள் இந்த எண்ணும் வேலைக்குள் நேரடியாக நுழைகின்றன. தட்டிய கவை நொடிக்கு 4,680 முறை முன்னும் பின்னும் அசைகிறது. அதில் பட்டுத் திரும்பும் நுண்ணலை அதே தாளத்தில் துடித்துத் திரும்புகிறது. கலவையிலிருந்து 4,680 துடிப்புகள் வெளிவருகின்றன. திரை 65 என்கிறது. புயத்தின் நுனி 65 மைல் வேகத்தில் ஓடவில்லை. அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் 65 மைல் வேகக் கார் தரக்கூடிய அதே துடிப்பை அது தருகிறது. ஆன்டெனா, கலக்கும் பகுதி, எண்ணும் பகுதி, திரை என்று முழுப் பாதையையும் ஒரு தெரிந்த எண்ணால் ஓட்டிப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. வழக்கமாக ஒரு மைல் கூடவோ குறையவோ காட்டினால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் அந்தக் கருவியைப் பணியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஓடும் ரோந்து காரிலிருந்து எதிரே வரும் வண்டியை அளக்கும் முறைக்கு இரண்டு கவைகளும் தேவை. அந்த முறையில் ரேடார் ஒரே சமயத்தில் இரண்டு வேகங்களைப் பார்க்கிறது. சாலைப்பரப்பிலிருந்து திரும்பும் அலை ரோந்து காரின் வேகத்தைச் சொல்லும். எதிர் வண்டியிலிருந்து திரும்பும் அலை இரண்டு வண்டிகளும் நெருங்கும் கூட்டு வேகத்தைச் சொல்லும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எதிர் வண்டியின் வேகம். சோதனையில் 35 கவையை முதலில் பிடித்து, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே 65 கவையையும் பிடிப்பார்கள். ரோந்து காருக்குரிய கட்டத்தில் 35 என்றும், எதிர் வண்டிக்குரிய கட்டத்தில் 30 என்றும் வர வேண்டும். 65இலிருந்து 35ஐக் கழித்தால் 30. கழித்தலைக் கருவி சரியாகச் செய்கிறது என்பது இதில் உறுதியாகும்.

படிக்கல்லின் எடை சரியா?

சோதிக்கும் கவையே பிசகினால் என்ன செய்வது? வழக்குகளில் முதலில் எழுந்த கேள்விகளில் இது ஒன்று. கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 1966இல் டொமனெல்லி வழக்கில் தெளிவான ஒரு கோடு போட்டது. டாப்ளர் தத்துவம் உண்மையா என்று ஒவ்வொரு வழக்கிலும் நிபுணரைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் அதைத் தானாகவே ஏற்கும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் அந்தக் குறிப்பிட்ட கருவி சரியாக வேலை செய்தது என்பதைக் காட்டியாக வேண்டும். அதற்கு இசைக்கவையை ஆதாரமாகக் கொண்டுவந்தால், கவை துல்லியமானதா என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும்.

கவை கெட்டுப்போகும் வழிகள் எளியவை. கான்கிரீட்டில் விழுந்து புயம் வளையலாம். அவசரத்தில் காரின் கதவு விளிம்பில், இரும்பில் தட்டித் தட்டி உலோகத்தில் பள்ளம் விழலாம். மரத்தில் அல்லது கெட்டியான ரப்பரில் தட்டச் சொல்வது அதனால்தான். கடும் குளிரிலும் வெயிலிலும் அதிர்வெண் மிகக் கொஞ்சம் மாறும். ஆனால் அந்த மாற்றம் திரையில் ஒரு மைலைத் தொடாது. இன்னொரு ரேடாருக்கு உரிய கவை உறை மாறி வந்திருக்கவும் கூடும். ‘எக்ஸ்’ என்ற பழைய அலைவரிசையில் ஒரு மைலுக்கு 31 துடிப்புகள்தான். அதன் 65 கவையை ‘கே’ ரேடாருக்கு முன் பிடித்தால் திரை 28 என்று காட்டும். இவ்வளவு பெரிய முரண்பாட்டைக் கவனிக்காமல் விட முடியாது. வழக்கறிஞர்கள் தேடுவது அதைவிட நுட்பமானதை: சான்றிதழில் இருக்கும் வரிசை எண்ணும் உறையில் இருந்த கவையின் வரிசை எண்ணும் ஒன்றா, அந்தச் சான்றிதழ் எப்போது வாங்கியது, அதிர்வெண்ணை எதை வைத்து அளந்தார்கள்?

கடைசிக் கேள்விதான் மையமானது. அதிர்வெண் எண்ணி என்ற தனிக் கருவியால் கவையை அளந்திருந்தால் சங்கிலி முழுமையாகிறது. ரேடார் சரி என்பதற்குக் கவையையும், கவை சரி என்பதற்கு அதே ரேடாரையும் காட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வெளிச் சாட்சி யாரும் இல்லை. இதற்கு ஒரு நியாயமான மறுமொழியும் உண்டு. வேறு வேறு அதிர்வெண் கொண்ட இரண்டு கவைகளும் ஒரே ரேடாரில் தத்தம் எண்ணைச் சரியாகக் காட்டினால், மூன்றும் ஒரே விகிதத்தில் சேர்ந்து பிசகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வாதம் சும்மா ஒதுக்கத்தக்கது அல்ல. ஒரே ஒரு கவையை மட்டும் வைத்துச் சோதித்த பதிவேடு ஏன் பலவீனமானது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

கவைக்கு எட்டாத ஓர் இடம்

கவைச் சோதனை ஆன்டெனாவிலிருந்து திரை வரை முழுப் பாதையையும் பார்க்கிறது என்றேன். ஆனால் ஒரு பாகம் அதன் பார்வையில் படாது. அது ரேடார் அனுப்பும் அலையின் அதிர்வெண்.

ஒரு காரிலிருந்து வரும் துடிப்பு இரண்டைப் பொறுத்தது: காரின் வேகம், அனுப்பிய அலையின் அதிர்வெண். அனுப்பும் பகுதி பழுதாகி அதிர்வெண் ஒரு சதவீதம் கூடிவிட்டால், எல்லாக் கார்களின் வேகமும் ஒரு சதவீதம் கூடுதலாகத் தெரியும். கவையின் கதை வேறு. அது நொடிக்கு 4,680 முறை அசைகிறது என்றால், அதன் மீது விழும் அலை எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் வெளிவரும் துடிப்பு 4,680தான். அனுப்பும் பகுதி பிசகியிருந்தாலும் திரை 65 என்றே காட்டும். இந்தக் கோளாறைப் பட்டறையில் நுண்ணலை அதிர்வெண்ணை நேரே அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். கவைச் சோதனைப் பதிவேடு தனியாக நின்றால் போதாது, கால இடைவெளியில் நடந்த பட்டறைச் சோதனையின் சான்றும் வேண்டும் என்று கேட்பது இதனால் பொருளுள்ள கேள்வியாகிறது.

அதே சமயம் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘கே’ அலைவரிசை ரேடார்களுக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பு 24.05 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரை. அந்த வரம்பின் கடைசி விளிம்பு வரை கருவி விலகியிருந்தாலும் பிழை அரைச் சதவீதத்துக்கும் குறைவு. 70 மைல் வேகத்தில் அது மூன்றில் ஒரு பங்கு மைல்கூட இல்லை. வேக வரம்பைவிட 15 மைல் கூடுதல் என்று அபராதச் சீட்டு வந்தவருக்கு இந்த வாதம் கைகொடுக்காது. அவ்வளவு பெரிய பிழை வேண்டுமென்றால் கருவிக்குள் அல்ல, சாலையில் தேட வேண்டும்.

58 மைல் 73 ஆன விதம்

ஒரு நிகழ்வை எண்களோடு கற்பனை செய்து பார்ப்போம். இருவழிச் சாலை, வேக வரம்பு 55 மைல். ரோந்து கார் 55இல் போகிறது. எதிரே ஒரு சின்னக் கார் 58இல் வருகிறது. ரோந்து காருக்கு முன்னால், சாலையோரத்திலிருந்து அப்போதுதான் ஏறிய ஒரு பெரிய லாரி 15 மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அன்று காலை இரண்டு கவைகளும் சரியாகக் காட்டின. பதிவேட்டில் குறை இல்லை.

எதிர் காரிலிருந்து திரும்பும் அலை கூட்டு வேகத்தைச் சொல்கிறது: 55ம் 58ம் சேர்ந்து 113. இதில் பிழை இல்லை. இப்போது ரேடார் தன் சொந்தக் காரின் வேகத்தை அறிய வேண்டும். சாலைப்பரப்பிலிருந்து திரும்பும் பரவலான, மங்கலான அலையைத்தான் அது தேட வேண்டும். ஆனால் முன்னால் லாரியின் பின்கதவு ஒரு பெரிய உலோகச் சுவராக நிற்கிறது. அதிலிருந்து திரும்பும் அலை சாலையின் அலையைவிடப் பன்மடங்கு வலுவானது. லாரியை ரோந்து கார் நெருங்கும் வேகம் 55 கழித்தல் 15, அதாவது 40. ரேடார் அந்த 40ஐத் தன் காரின் வேகமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு கழிக்கிறது: 113 கழித்தல் 40, விடை 73. எதிர் காரின் ஓட்டுநர் மூன்று மைல் கூடுதலாகப் போனார். சீட்டில் அது பதினெட்டு மைலாகிவிட்டது.

இதை நிழல் பிழை என்பார்கள். இதில் கருவி எங்கும் பழுதில்லை. எண்ணுவதும் கழிப்பதும் சரியாகவே நடந்தன. தவறான பொருளின் வேகத்தைக் கழித்ததுதான் கோளாறு. மறுநாள் கவையை வைத்து எத்தனை முறை சோதித்தாலும் 35, 65, 30 என்று அழகாக வரும்.

ஆனால் இந்தப் பிழை அந்த நொடியில் தடயம் விட்டுப் போகிறது. ரேடார் திரையில் ரோந்து காரின் வேகம் 40 என்று இருக்கும். காரின் வேகமானி 55 என்று சொல்லும். இரண்டையும் ஒருகணம் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். 1978இல் ஹான்சன் வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், ஓடும் காரிலிருந்து எடுத்த அளவை ஏற்பதற்குப் போட்ட நிபந்தனைகளில் ரோந்து காரின் வேகத்தைத் தனியே சரிபார்க்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆகவே இந்த வகை வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ‘கவையால் சோதித்தீர்களா’ என்பது அல்ல. ‘எண்ணைப் பிடித்து நிறுத்திய நொடியில் ரோந்து கட்டத்தில் என்ன இருந்தது, வேகமானியில் என்ன இருந்தது’ என்பதுதான். புதிய கருவிகள் பலவும் காரின் வேகமானியிலிருந்தே நேரடியாகத் துடிப்பை வாங்கி, இந்தப் பிழையைத் தாங்களே தவிர்க்கின்றன. அந்த இணைப்பு இருந்ததா என்பதும் நல்ல கேள்விதான்.

எந்த வண்டி?

நின்றுகொண்டிருக்கும் ரேடாருக்கு நிழல் பிழை வராது. சாலைக்குப் பக்கவாட்டில் சாய்வாக நின்று அளந்தால் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். 20 பாகைக் கோணத்தில் 6 சதவீதம் குறையும். அது ஓட்டுநருக்குச் சாதகம். நின்ற ரேடாரில் பெரிய சிக்கல் வேறு: எண் எந்த வண்டிக்கு உரியது என்பது.

கையில் பிடிக்கும் ரேடாரின் அலைக்கற்றை கோடு போலப் போவதில்லை, விரிந்துகொண்டே போகிறது. 12 பாகை விரிவு என்று வைத்தால் 300 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 60 மீட்டரைத் தாண்டும். இரண்டு திசைகளின் எல்லாத் தடங்களும், சாலையோரமும் அதற்குள் அடங்கிவிடும். கருவி அவற்றில் வலுவாக எதிரொலிப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. வலிமை தூரத்தை மட்டுமல்ல, பரப்பையும் பொறுத்தது. முன்னால் வரும் சின்ன, சாய்வான முகம் கொண்ட காரைவிட, வெகு பின்னால் வேகமாக வரும் உயரமான லாரி வலுவாக எதிரொலிக்கக் கூடும். திரையில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் வண்டி எண் எழுதியிருப்பதில்லை. எண்ணை வண்டியோடு சேர்ப்பது மனிதர்.

ஆகவே பயிற்சியில் ஓர் ஒழுங்கு கற்பிக்கிறார்கள். முதலில் கண்ணால் பார்த்து இந்த வண்டி இத்தனை மைல் இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். பிறகு ரேடாரின் ஒலியைக் கேட்க வேண்டும். அது ஒரே சீராக, தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாக எண் சில நொடிகள் நிலையாக நின்று கண்ணின் மதிப்பீட்டோடு பொருந்த வேண்டும். மூன்றும் ஒத்துப்போன அளவுதான் நிற்கும். எச்சரிக்கை மணி அடித்ததும் திரையைப் பார்த்து, முன்னால் தெரிந்த வண்டியை நிறுத்தியிருந்தால், கவைச் சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் அந்த எண்ணைக் கேள்வி கேட்கலாம்.

இதை ஊரறியச் செய்தது 1979இல் புளோரிடா மாநிலத்தின் மயாமியில் நடந்த வழக்கு. போலீஸ் ரேடார் ஒரு மரத்தை மணிக்கு 86 மைல் வேகத்தில் போவதாகவும், ஒரு வீட்டை 28 மைல் வேகத்தில் போவதாகவும் காட்டியதை அங்குள்ள தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பியது. நிபுணர்களின் நீண்ட சாட்சியங்களைக் கேட்ட டேட் கவுன்டி நீதிபதி, அப்போதைய நிலையில் ரேடார் அளவுகள் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கப் போதுமானவை அல்ல என்று தீர்ப்பளித்தார். மரம் ஓடவில்லை; ரேடார் வேறு எதிலிருந்தோ வந்த துடிப்பை எண்ணியது. காருக்குள் சுழலும் மின்விசிறி, பக்கத்தில் பேசும் வயர்லெஸ், கருவியை ஆட்டியபடி வீசிப் பிடிப்பது என்று அத்தகைய துடிப்புகளுக்கு மூலங்கள் பல. அத்தகைய கருவி இசைக்கவைச் சோதனையில் எளிதாகத் தேறியிருக்கக் கூடும். பிற மாநில நீதிமன்றங்கள் ரேடாரை அதற்காக ஒதுக்கிவிடவில்லை. ஆனால் கருவியின் தரத்தையும் இயக்குபவரின் பயிற்சியையும் பற்றிய விதிகள் அதன் பிறகு இறுகின.

கேள்வியை எங்கே வைப்பது

ஒரு பதிவான வேகத்தை மறுப்பவர் ‘கவைச் சோதனை நடக்கவில்லை’ என்று மட்டும் தேடினால் பெரும்பாலும் ஏமாந்துபோவார். பதிவேடு ஒழுங்காகவே இருக்கும். இருக்க வேண்டியதும் அப்படித்தான். அது இல்லாமல் போனால் மினசோட்டா போன்ற இடங்களில் எண்ணுக்குச் சட்டத்தின் முன் காலூன்ற இடமில்லை. ஆனால் அந்தப் பதிவேடு உறுதி சொல்வது ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் இந்தக் கருவி தனக்கு வந்த துடிப்பைச் சரியாக எண்ணியது. துடிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கவை சாட்சி அல்ல. அதற்குச் சாட்சி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

போலீஸ் தரப்புக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கவைகளின் சான்றிதழையும் பட்டறைச் சோதனைச் சான்றையும் கையில் வைத்திருப்பதோடு, கண்ணால் போட்ட மதிப்பு, சுற்றிலும் இருந்த வண்டிகள், ரோந்து காரின் வேகம் ஆகியவற்றை அப்போதே குறித்து வைப்பவரின் வழக்கு உடையாது. வேகமாக ஓட்டியவர் தப்பக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் இந்தக் குறிப்புகளை அதிகமாக வலியுறுத்த வேண்டும்.

நம் நாட்டில் பேச்சு இப்போதுதான் இந்தத் திசைக்கு வந்திருக்கிறது. மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதி, வேகம் பிடிக்கும் மின்னணுக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. 2025இல் வாகன வேகத்தை அளக்கும் ரேடார்களும் எடையளவுச் சட்ட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. கடைத் தராசைப் போலவே அவையும் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். இது தேவையான முன்னேற்றம். அபராதச் சீட்டு வாங்கும் எவரும் அந்த முத்திரையின் தேதியைக் கேட்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை இடும் முத்திரை கருவியின் பட்டறை நிலையைத்தான் சொல்லும். இன்று காலை அதை வெளியிலிருந்து யாராவது சோதித்தார்களா, எண் தோன்றிய நொடியில் சாலையில் வேறு என்ன ஓடியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சான்றிதழில் பதில் இல்லை. அவற்றுக்கும் எழுத்தில் பதில் கேட்கும் விதி அடுத்து வர வேண்டும்.